97 காட்டிய கருவியும் எங்கள் நீக்க விதியும்: இரண்டாண்டு அனுபவம்

வேறொரு கேள்வி-பதில் தளத்தில் மட்டுறுத்துநராக இருக்கும் தோழி சென்ற வாரம் கேட்டார்: "இயந்திரம் எழுதிய பதில்களைக் கண்டுபிடிக்கும் கருவியை இரண்டு வருடமாக வைத்திருக்கிறீர்களே, நாங்களும் வாங்கலாமா?" சட்டென்று ஆம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. கருவி செய்யும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததே. பதிலை ஒட்டினால், அது இயந்திரம் எழுதியதாக இருக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று ஓர் எண்ணைக் காட்டும். என் பிணக்கு முழுவதும் அந்த எண்ணோடுதான்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் 40 புகார்கள் காத்திருக்கும்போது எதை முதலில் திறப்பது என்று முடிவு செய்ய இக்கருவி உதவுகிறது. வேகமானது, இடையில் நின்றுபோனதும் இல்லை. ஆனால் 97 என்று சிவப்பில் ஓர் எண் எதிரே நின்றால், பதிலைப் படிக்கும் முன்பே மனம் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறது. அதன் பிறகு படிப்பதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சான்று தேடும் வேலையாகிவிடுகிறது.

எண்ணை ஏன் நம்பக்கூடாது என்பதற்குச் சிறு கணக்குப் போதும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அவர்களே நடத்திய ஆங்கிலத் தேர்வில் அது இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குற்றம் சாட்டியது. ஒரு நாளில் 200 பதில்கள் வருகின்றன, அவற்றில் 20 இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். இந்த விகிதத்தில் 20இல் 5 பிடிபடும். மீதி 180இல் 16 பேர் வீணாக மாட்டிக்கொள்வார்கள். ஆகக் கருவி குற்றம் சாட்டிய 21 பதில்களில் 16 பதில்களை எழுதியவர்கள் எந்தப் பிழையும் செய்யாதவர்கள். துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போதைய கருவிகள் மேம்பட்டிருக்கலாம். ஆனால் மொத்தப் பதில்களில் மனிதர் எழுதியவையே பெரும்பான்மையாக இருக்கும்வரை, சிறிய பிழை விகிதம்கூடப் பலரைப் பலிவாங்கும்.

எனக்கு இது உறைத்தது ஒரு தவறு செய்த பிறகுதான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஒரு பயனர், எளிய சொற்களில், ஒரே அளவான வாக்கியங்களில், வரிசை எண்ணிட்டு எழுதுபவர். அவருடைய பதிலுக்குக் கருவி 97 காட்டியது, நான் நீக்கிவிட்டேன். அவர் கோபப்படாமல், தாம் 2016இல் எழுதிய பதில் ஒன்றின் இணைப்பை அனுப்பி, "இதையும் சோதித்துப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். சோதித்தேன், 94. சாட்ஜிபிடி வெளிவந்ததோ 2022 நவம்பர் இறுதியில். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திர எழுத்தென்று சொன்னதாக 2023இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வை நான் முன்பே படித்திருந்தேன். படித்தும் நீக்கினேன் என்பதுதான் எண்ணின் வலிமை.

அதன் பிறகு நாங்கள் எழுதிக்கொண்ட நீக்க விதி நான்கே வரிகள்தான். கருவியின் எண்ணையோ நடையையோ மட்டும் காட்டி எதையும் நீக்கக்கூடாது. பிறர் சரிபார்த்து மறுக்கக்கூடிய சான்று குறைந்தது இரண்டு வேண்டும். நீக்கும்போது அந்தச் சான்றை எழுதியவருக்கே தெரிவிக்க வேண்டும். முறையீட்டை, நீக்கியவரல்லாத மற்றொரு மட்டுறுத்துநர் பார்க்க வேண்டும். பதில் தவறாக இருக்கிறது என்பது மட்டும் இவ்விதிக்குள் வராது. தவறான பதிலை மனிதர்களும் தாராளமாக எழுதுகிறார்கள், அதற்கு எதிர் ஓட்டு இருக்கிறது.

விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அண்மைய நிகழ்வு ஒன்று. குறிப்புரைகள் கொண்ட ஜேசன் கோப்பைப் பைத்தானில் படிப்பது எப்படி என்ற கேள்விக்கு வந்த பதில், மிகுந்த தன்னம்பிக்கையுடன் இப்படிச் சொன்னது:

```python
import json
data = json.load(f, ignore_comments=True)
```

`ignore_comments` என்றொரு அளவுரு அந்தத் தொகுப்பில் கிடையாது. கோப்பை `f` என்று திறந்து ஓட்டினால் `TypeError` வரும். இது முதல் சான்று: தவறு என்பதால் அன்று, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வதோடு, "சோதித்துப் பார்த்தேன், வேலை செய்கிறது" என்றும் எழுதியிருந்ததால். இரண்டாவது, அதே கணக்கிலிருந்து 19 நிமிடங்களில் தரவுத்தளம், வலையமைப்பு, புள்ளியியல் என்று தொடர்பில்லாத துறைகளில் ஆறு நீண்ட பதில்கள் வந்திருந்தன. வேகத்தை மட்டும் சான்றாக வைத்திருந்தால் நான் தயங்கியிருப்பேன், ஏனெனில் வாரம் முழுதும் எழுதிச் சேமித்து ஞாயிறன்று மொத்தமாக ஒட்டும் பயனர் ஒருவர் எங்களிடமே இருக்கிறார். பிழைச்செய்தி வருகிறதே என்று கேள்வி கேட்டவர் எழுதியதற்கு, அதே பதில் சொல் மாறி மீண்டும் வந்தது. அன்று நான் கருவியைத் திறக்கவேயில்லை.

நீக்கினோம், ஆனால் கணக்கை முடக்கவில்லை. நீக்கிய பதிலை ஒரு சொடுக்கில் மீட்டுவிடலாம், எழுதியவரின் கண்ணுக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும். முடக்கப்பட்டவருக்கு நேரும் இழுக்கோ அப்படித் திரும்பிவிடாது. அதனால் முடக்குவதற்கு, முன்னறிவிப்புக்குப் பிறகும் அதே செயல் தொடர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே இத்தகைய பதில்களைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு, சந்தேகத்தின்பேரில் நீக்குவதை நிறுவனம் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது, மட்டுறுத்துநர்கள் ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தமே செய்தார்கள். இரு தரப்பின் எரிச்சலும் எனக்குப் புரிகிறது: எண்ணை நம்பாதே என்ற சரியான பேச்சு, எதையும் நீக்காதே என்று முடிந்துவிடக்கூடாது.

இனி என் எரிச்சல். மேலே சொன்ன ஆறு பதில்களை ஒட்ட அவருக்கு 19 நிமிடங்கள் ஆயின. ஒவ்வொன்றையும் படித்து, நிரலை ஓட்டி, சான்றை எழுதி, மற்றொருவரிடம் காட்டி நீக்க எனக்கு மாலை முழுவதும் போயிற்று. நியாயமான விதி என்று நான் பெருமைப்படும் இந்த நான்கு வரிகளும், ஊதியமில்லாமல் வேலை செய்யும் என்னைத்தான் அதிகம் தண்டிக்கின்றன. முறையீடு வந்தது, எழுதியவர் எங்களைத் திட்டியது போக, இறுதியில் ஒரு வரி: "அந்த அளவுரு இருப்பதாகத்தான் நினைத்தேன்." முறையீட்டைப் பார்த்த நண்பர் நீக்கத்தை உறுதிசெய்ய மேலும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

ஆகவே தோழிக்கு என் பதில்: வாங்காதீர்கள். விதியை எழுதுங்கள், அதற்கு ஆள் சேருங்கள். நான் மட்டும் ஏன் சந்தாவைப் புதுப்பித்தேன் என்று கேட்டால், புகார்கள் 60ஐத் தாண்டும் நாட்களில் எதை முதலில் திறப்பது என்று சொல்ல வேறு எதுவும் என்னிடம் இல்லை. எண் தெரியாதபடி அந்த இடத்தை மட்டும் திரையில் மறைத்து வைத்திருக்கிறேன். வரிசை தெரிகிறது, விழுக்காடு தெரிவதில்லை.