அக்குள் ஊன்றுகோலா, கைத்தடியா: கணுக்கால் முறிவுக்குப் பிறகு எது?

எது வசதியாக இருக்கிறது என்று கடையில் பிடித்துப் பார்த்து எடுக்கும் முடிவல்ல இது. அடிபட்ட காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னாரோ, அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காலை ஊன்றவே கூடாது என்றால் இரண்டு ஊன்றுகோல்கள் வேண்டும். கைத்தடி உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வாங்கிக்கொள்ளும்; மீதி முறிந்த காலில் இறங்கிவிடும். ஊன்றி நடக்கலாம், கொஞ்சம் பிடிமானம் போதும் என்ற கட்டத்தில்தான் கைத்தடி.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடி வீட்டில் இருக்கும் என் அத்தைக்கு வலது கணுக்கால் முறிந்தது. ஊன்றுகோலை அக்குளில் முட்டுக்கொடுத்து, அதில் தொங்கியபடியே நடந்தார். சில நாட்களில் விரல்கள் மரத்துப்போயின. அக்குள் வழியாகச் செல்லும் நரம்பு நசுங்குவதன் அடையாளம் அது. கவனிக்காவிட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாமலே போகலாம். அத்தைக்கு உயரத்தை மாற்றினோம். செருப்பணிந்து நிமிர்ந்து நின்று, ஊன்றுகோலின் நுனியைப் பாதத்திலிருந்து சுமார் 15 செ.மீ. முன்னும் பக்கவாட்டிலும் வைத்தால், அக்குளுக்கும் மேல் மெத்தைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி, தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருந்தால் முழங்கை லேசாக மடங்கும். எடை முழுவதும் உள்ளங்கையில். மெத்தையை விலாவோடு அணைத்துப் பிடித்தால் போதும். முன்கையை வளையத்தில் நுழைத்துப் பிடிக்கும் முழங்கை ஊன்றுகோலில் அக்குள் தொல்லை கிடையாது, ஆனால் கையில் வலு வேண்டும்.

கைத்தடிக்கும் அதே மணிக்கட்டு அளவுதான். பெரும்பாலோர் தவறுவது பக்கத்தில். வலது கால் வலிக்கிறது என்று அத்தை வலக்கையிலேயே பிடித்தார். உடல் வலப்பக்கம் சாய்ந்து, பாரம் அந்தக் காலிலேயே விழுந்தது. இடக்கைக்கு மாற்றி, தடியையும் வலது காலையும் ஒன்றாக முன்னே வைக்கச் சொன்னதும் சாய்வு குறைந்தது. வலதுகைப் பழக்கம் உள்ளவருக்கு முதலில் கூச்சமாக இருக்கும், ஆனாலும் அடிபட்டது வலது கால் என்றால் இடக்கைதான் சரி.

படிக்கட்டில் இரண்டுக்கும் ஒரே வரிசை. ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு அடிபட்ட காலும் தடியும். இறங்கும்போது தடியும் அடிபட்ட காலும் முதலில், நல்ல கால் கடைசியில். உடலைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதும் நல்ல காலின் வேலை. ஊன்றவே கூடாதவர் அடிபட்ட காலைத் தரையில் படாமல் தூக்கியே வைத்திருக்க வேண்டும்.

அத்தை வீட்டில் கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான். ஏறும்போது அது இடப்பக்கம் வருவதால் தடியை வலக்கைக்கு மாற்றிக் கம்பியைப் பிடிப்பார். பக்கக் கணக்கு படியில் இரண்டாம்பட்சம். ஆடாத கம்பி எந்தத் தடியைவிடவும் உறுதியானது. இரட்டை ஊன்றுகோல் உள்ளவர் இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து மறுகையால் கம்பியைப் பற்றலாம், அல்லது ஒன்றைக் கூட வருபவரிடம் கொடுக்கலாம். துணைக்கு வருபவர் ஏறும்போது பின்னாலும், இறங்கும்போது முன்னாலும் நிற்க வேண்டும்.

நுனி ரப்பரின் வரிகள் தேய்ந்து வழவழப்பானால் மழை ஈரம் பட்ட டைல்ஸ் தரையில் வழுக்கிவிடும். ரப்பர் தனியாகவே கிடைக்கும். அதற்காகப் புதுத் தடி வாங்க வேண்டியதில்லை.