துணிக் குழாயில் இரண்டு தொலைநோக்கி: எதில் எவ்வளவு தெரியும், ஏன்?

திருப்பூரில் அட்டைக் குழாய்க்குப் பஞ்சமில்லை. துணி சுற்றி வரும் குழாயில் ஒன்றை எடுத்து, முன்னால் 500 மி.மீ. குவியதூரமும் 50 மி.மீ. அகலமும் உள்ள குவிலென்ஸைப் பொருத்துங்கள். கண்ணாடிக் கடையில் +2 பவர் என்று கேட்டால் கிடைப்பது இதுதான். கண்ணருகே என்ன வைப்பது என்பதில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. 50 மி.மீ. குழிலென்ஸ் வைத்தால் கலிலியோ வகை, 50 மி.மீ. குவிலென்ஸ் வைத்தால் கெப்ளர் வகை. இரண்டுமே 10 மடங்கு பெருக்கும். முதலாவதன் நீளம் 450 மி.மீ., இரண்டாவதன் நீளம் 550 மி.மீ.

பெருக்கம் ஒன்று, முன் லென்ஸும் ஒன்று. ஆனால் நஞ்சராயன் குளக்கரையில் நின்று 200 மீட்டர் தள்ளி மிதக்கும் கூழைக்கடாவைப் பார்த்தால், கலிலியோ குழாயில் சுமார் 1.8 மீட்டர் அகல வட்டம்தான் தெரியும். பறவை சிறகை விரித்தால் அதற்குள் அடங்காது. கெப்ளரில் கிட்டத்தட்ட 11 மீட்டர் அகலம் தெரியும், கூட்டத்தையே பார்க்கலாம். என்ன, எல்லாப் பறவையும் தலைகீழாக மிதக்கும்.

இந்த ஆறு மடங்கு வித்தியாசம் லென்ஸின் தரத்தால் வருவதில்லை. ஒளியை அளந்து உள்ளே விடும் துளை, அதாவது அப்பர்ச்சர் ஸ்டாப், எந்த இடத்தில் இருக்கிறது என்பதால் வருகிறது.

கெப்ளரை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். அதில் முன் லென்ஸின் விளிம்பே அந்தத் துளை. கருவிக்கு வெளியே, பொருளின் பக்கமிருந்து பார்க்கும்போது தெரியும் துளைக்கு என்ட்ரன்ஸ் பியூப்பில் என்று பெயர். நுழைவுத் துளை என்று வைத்துக்கொள்வோம். இங்கே நுழைவுத் துளையும் அதே முன் லென்ஸ்தான், 50 மி.மீ. கண் லென்ஸ் அதன் பிம்பத்தைக் குழாய்க்கு வெளியே, தனக்குப் பின்னால் 55 மி.மீ. தூரத்தில், 5 மி.மீ. வட்டமாக விழவைக்கிறது. குழாயை வெளிச்சமான வானத்துக்குத் திருப்பி, பின்னால் ஒரு டிரேசிங் தாளைப் பிடித்தால் அந்த வட்டத்தைத் தாளிலேயே காணலாம். கண்மணியை அங்கே கொண்டுபோய் வைத்தால் போதும். எவ்வளவு அகலம் தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது வேறொரு வளையம்: முன் லென்ஸிலிருந்து 500 மி.மீ. தள்ளி, பிம்பம் விழும் இடத்திலேயே ஒட்டிய 27 மி.மீ. துளையுள்ள கறுப்பு அட்டை. 27-ஐ 500-ஆல் வகுத்தால் சுமார் 3.1 பாகை, ஆறு நிலாக்களை வரிசையாக அடுக்கும் அகலம். அட்டை பிம்பத்தோடு ஒரே தளத்தில் இருப்பதால் காட்சியின் ஓரம் கத்தரித்ததுபோல் கூர்மையாக இருக்கும். ஒளிக்கு ஒரு துளை, அகலத்துக்கு ஒரு துளை. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

கலிலியோ வகையில் கதையே வேறு. குழிலென்ஸ் ஒளியைப் பின்னால் எங்கும் கூட்டிச் சேர்ப்பதில்லை. முன் லென்ஸின் பிம்பம் குழாய்க்கு உள்ளேயே, கண் லென்ஸுக்கு 45 மி.மீ. முன்னால் நிற்கிறது. கண்ணை அங்கே கொண்டுபோக முடியாது. அதனால் ஒளியை அளக்கும் வேலை கண்மணிக்கே வந்துவிடுகிறது. பட்டப்பகலில் கண்மணி சுமார் 2.5 மி.மீ. இருக்கும் என்று கொண்டால், பத்து மடங்கில் நுழைவுத் துளை 25 மி.மீ. தான். 50 மி.மீ. லென்ஸ் இருந்தும், காட்சியின் நடுப்புள்ளிக்கு வரும் ஒளி அதில் பாதி அகலத்தின் வழியாகத்தான் வருகிறது.

"ஏனுங்க, அப்போ முன்னாடி பெரிய கண்ணாடியாப் போட்டா வெளிச்சம் கூடாதுங்களா?" என்று பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒரு பையன் கேட்டான். பகலில் கூடாது. ஆனால் தெரியும் அகலம் கூடும். நியாயமான கேள்விதான், ஏனென்றால் அந்த லென்ஸ் இங்கே செய்யும் வேலை ஜன்னலின் வேலை.

அந்த நுழைவுத் துளை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். கண் லென்ஸுக்குப் பின்னால் 10 மி.மீ. தள்ளிக் கண்மணி இருக்கிறது என்று கொள்வோம். குழாய் வழியாகப் பின்னோக்கிப் பார்த்தால் அதன் பிம்பம் முன் லென்ஸுக்குப் பின்னால் இவ்வளவு தூரத்தில் விழும்:

தூரம் = (பெருக்கம் × குழாய் நீளம்) + (பெருக்கம் × பெருக்கம் × கண் தூரம்)

10 × 450 + 100 × 10 = 5,500 மி.மீ. அதாவது ஐந்தரை மீட்டர், பார்ப்பவரின் முதுகுக்கும் பின்னால். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஐந்து சென்டிமீட்டர் ஜன்னலை ஐந்தரை மீட்டர் தள்ளி நின்று எட்டிப் பார்க்கிற நிலைமை இது. 50-ஐ 5,500-ஆல் வகுத்தால் அரைப் பாகை, ஒரே ஒரு நிலா. அதுவும் வெளிச்சம் பாதியாகக் குறையும் இடம் வரை எடுத்த கணக்கு. ஜன்னல் காட்சியின் தளத்தில் இல்லாததால் ஓரம் மங்கிக் கரைந்துபோகும். சுமார் 20 மடங்குக் குழாயில் பார்த்த கலிலியோவுக்கு முழு நிலாவும் ஒரே பார்வையில் அடங்காததற்குக் காரணமும் இதுதான்.

கண் தூரம் பெருக்கத்தின் வர்க்கத்தால் பெருகுவதைக் கவனியுங்கள். கண்ணை ஒரு மி.மீ. பின்னால் இழுத்தால் அந்தத் துளை 10 செ.மீ. பின்னால் போய்விடும். மூக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கண் 20 மி.மீ. தள்ளி இருந்தால் தூரம் 6,500 மி.மீ. ஆகி, பார்வைப் புலம் 0.44 பாகையாகச் சுருங்கும்.

நம்பாதவர்கள் முன் லென்ஸின் மேல் 30 மி.மீ. துளையிட்ட அட்டையை மூடிப் பாருங்கள். பகலில் இரண்டு குழாயிலும் நடுப்பகுதியின் வெளிச்சம் குறையாது. கெப்ளரில் காட்சியின் அகலமும் அப்படியே இருக்கும். அந்தியில் கண்மணி 3 மி.மீ.க்கு மேல் விரியும்போது, வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும், ஒற்றை லென்ஸ் காட்டும் ஊதா விளிம்பும் குறைந்து, படம் தெளியும். கலிலியோவில் 1.8 மீட்டர் வட்டம் 1.1 மீட்டராகச் சுருங்கிவிடும். நிறப்பிழையைக் குறைக்க ஒருவர் அட்டை ஒட்டச் சொல்வார், இன்னொருவர் ஒட்டாதே என்பார். இரண்டு பேரும் வேறு வேறு குழாயை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள்.

கெப்ளரும் சொக்கத்தங்கம் அல்ல. கண்மணி 2.5 மி.மீ. ஆக இருக்கும் பகலில், வெளிவரும் 5 மி.மீ. வட்டத்தில் பாதி அகலத்தைத்தான் கண் வாங்கிக்கொள்கிறது. அதாவது அங்கேயும் அளக்கும் துளை கண்ணுக்கே மாறிவிடுகிறது. ஆனால் கண் சரியான இடத்தில் நிற்பதால் பார்வைப் புலம் குறைவதில்லை. அந்த 55 மி.மீ. இடத்தைத் தவறவிட்டால்தான் தொல்லை. சற்று முன்னோ பின்னோ போனால் ஓரம் இருண்டு, பிறை மாதிரி கறுப்பு நிழல்கள் ஓடும். கழுத்தில் மாட்டிக்கொண்டு சட்டென்று பார்க்கும் ஆளுக்கு இது எரிச்சல். இதற்கு ஒரு ரப்பர் கண்குழலை வைத்துத் தூரத்தை நிலைநிறுத்த வேண்டும். தலைகீழ்ப் படத்தை நிமிர்த்தப் பட்டகம் வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

ஆகவே 10 மடங்குக்குக் கெப்ளர்தான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் 3 மடங்கில் தீர்ப்பு மாறும். 150 மி.மீ. முன் லென்ஸ், 50 மி.மீ. குழிலென்ஸ், 100 மி.மீ. குழாய்: 3 × 100 + 9 × 10 = 390 மி.மீ. முன் லென்ஸ் 40 மி.மீ. அகலம் என்றால் பார்வைப் புலம் கிட்டத்தட்ட ஆறு பாகை. படம் நிமிர்ந்திருக்கும், குழாய் சட்டைப் பையில் அடங்கும். திருவிழாக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று மேடையைப் பார்க்க இதைவிட நல்லது இல்லை.

தேர்க்கடையில் விற்கும் பைனாகுலரைக் கையில் எடுத்தால், கையை நீட்டி வானத்துக்கு எதிரே பிடித்துக் கண் லென்ஸைப் பாருங்கள், தலையை லேசாக அசைத்துக்கொண்டே. வெளிச்ச வட்டம் லென்ஸுக்கு வெளியே, உங்கள் பக்கமாக மிதந்தால் அது கெப்ளர் வகை. வட்டம் குழாயின் உள்ளே ஆழத்தில் கிடந்தால் கலிலியோ வகை. அதன் பெட்டியில் 10 மடங்கு என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். 3 என்று போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம்.