ஏழாம் நம்பர் மலையும் IFERROR சூத்திரமும்: தோட்டத்து நாளாந்த அறிக்கையில் நான் கண்டது

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் கிளாக்கராக வேலை செய்கிறேன். முந்தைய நாள் எந்தெந்த மலையில் எத்தனை கிலோ பச்சைக்கொழுந்து எடுக்கப்பட்டது, ஒவ்வொரு மலையும் கடைசியாக எடுக்கப்பட்டு எத்தனை நாட்கள் ஆகின்றன, அந்தக் கொழுந்திலிருந்து கிடைத்த தூளின் விழுக்காடு எவ்வளவு என்பவற்றைக் காட்டும் எக்செல் அறிக்கை ஒன்றைத் தினமும் காலை எட்டு மணிக்கு முன் துரைக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்த அறிக்கையின் எல்லாச் சூத்திரங்களையும் பல ஆண்டுகளாக, பிழைக்குறி வந்தால் அதற்குப் பதிலாக நாம் சொல்வதைக் காட்டும் IFERROR என்பதற்குள் போட்டு வைத்திருந்தேன்.

அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் 28 மலைகள் உள்ளன. ஒரு மலைக்குச் சுமார் ஏழு நாட்களுக்கு ஒருமுறை சுற்று வரும் என்பதால், எந்த நாளிலும் நாலைந்து மலைகளில் மட்டுமே கொழுந்து எடுக்கப்படும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எடுக்கும் நிறைகள் `Maduvam` என்ற பணித்தாளில் பதிவாகும். அறிக்கை அங்கிருந்து மலையின் இலக்கத்தைத் தேடி நிறையை எடுத்துக்கொள்ளும். அன்று எடுக்காத மலைகளுக்குத் தேடலில் எதுவும் அகப்படாது, ஆகவே இருபதுக்கு மேற்பட்ட வரிகளில் `#N/A` வரும். வரிசையில் ஒரேயொரு `#N/A` இருந்தாலும் அதன் கூட்டுத்தொகையும் `#N/A` ஆகிவிடும். இதைத் தவிர்க்கவே இவ்வாறு எழுதினேன்:

```
=IFERROR(VLOOKUP(A9,Maduvam!A:B,2,FALSE),0)
```

அறிக்கை சுத்தமாக இருந்தது. எடுக்காத மலைக்குச் சைபர் என்பது சரியான விடையும் கூட. ஆபத்து இருந்த இடமும் அதுதான். இந்த அறிக்கையில் சைபர் என்பது தினமும் இருபது தடவை வரும் சாதாரண எண். பிழையொன்று சைபராக மாறி அவற்றுக்கு நடுவே நின்றுவிட்டால், பார்ப்பவர் எவருக்கும் அதை வேறு பிரித்தறிய வழியில்லை.

ஒரு வரட்சி மாதத்தில் அதுதான் நடந்தது. ஏழாம் நம்பர் மலையில் ஒரு பகுதியைக் கவாத்து வெட்டியிருந்த காலத்தில், மடுவப் பதிவில் அதை 7A என்று சில வாரங்கள் எழுதினோம். அதற்காக யாரோ அந்தக் கலத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பின்னர் மறுபடியும் 7 என்று தட்டச்சு செய்தபோது கலத்தின் வடிவம் மாறவில்லை. திரையில் அது 7 தான். ஆனால் எக்செலுக்கு அது எண்ணன்று, ஓர் எழுத்து. VLOOKUP எண் 7ஐத் தேடியது, எழுத்து 7ஐ வேறொன்றாகக் கருதி `#N/A` என்றது, IFERROR அதைச் சைபராக்கிக் கொடுத்தது.

அந்த மலையில் ஒரு சுற்றில் 21 பேர், ஆளுக்குச் சராசரி 18 கிலோ வீதம், 378 கிலோ கொழுந்து எடுத்திருந்தார்கள். அன்றைய உண்மையான மொத்தம் 6,190 கிலோ, அறிக்கை காட்டியதோ 5,812 கிலோ. அந்தக் கொழுந்திலிருந்து கிடைத்த தூள் 1,331 கிலோ என்பதால், உண்மையில் 21.5 ஆக இருந்த தூள் விழுக்காடு அறிக்கையில் 22.9 ஆக ஏறியது. மழைக் காலத்தில் கொழுந்தின் மேல் நீர் நிற்பதால் விழுக்காடு குறையும், வெயிலில் சற்று ஏறும். ஆகவே வரட்சி மாதத்தில் 22.9 என்பதைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வரவில்லை. தொழிலாளரின் சம்பளம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலிருந்து தனியாகக் கணக்கிடப்படுவதால் எவருடைய கிலோவும் குறையவில்லை, அதனால் முறைப்பாடும் எழவில்லை. தொழிற்சாலையில் நிறுக்கும் நிறை வேறு புத்தகத்தில், நீருக்குக் கழித்து எழுதப்படுவது. இரண்டும் கிலோவுக்குக் கிலோ பொருந்தும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதே இல்லை.

இப்படி மூன்று சுற்றுகள் போயின. அறிக்கையின்படி ஏழாம் நம்பர் மலை 27 நாட்களாக எடுக்கப்படவேயில்லை. மலையை முற்ற விட்டதற்கு விளக்கம் கேட்டு வெளிக்கள உத்தியோகத்தருக்குக் கடிதம் போனது. மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அவர் கங்காணியிடம் கேட்டபோது, “செவ்வாய்க்கிழமைதானே ஐயா எடுத்தோம், நீங்களும் வந்து நின்னீங்களே” என்று சொல்லித் தம் கொப்பியை விரித்துக் காட்டினார் கங்காணி. அந்தக் கொப்பியோடு இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். நான் மடுவத் தாளைத் திறந்து அந்தக் கலத்தின் மேல் நின்றேன். இடது மேல் மூலையில் சின்னஞ்சிறு பச்சை முக்கோணம். அந்த நிரலை முழுவதும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்ததால், எழுத்து இடப்புறமும் எண் வலப்புறமும் ஒதுங்கி நிற்கும் இயல்பான வேறுபாடும் தெரியாமல் போயிருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒருவர் விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தது என் சூத்திரத்தால்தான். அது எனக்கு இன்றும் வருத்தமே.

IFERROR என்பதை IFNA என்று மாற்றினால் போதும் எனப் பலர் சொல்வார்கள். `#REF!`, `#NAME?`, `#VALUE!` போன்றவற்றை IFNA மறைக்காது என்பது உண்மை, அந்த அளவில் அது நல்லதே. ஆனால் எங்களுக்கு வந்த பிழை `#N/A` தான். எடுக்காத மலைக்கும் பொருந்தாத இலக்கத்துக்கும் அதே குறிதான் வரும் என்பதால், IFNA இருந்திருந்தாலும் அந்த 378 கிலோ மறைந்தே இருக்கும்.

ஆகவே தேடலையே கைவிட்டு, இலக்கம் பொருந்தும் வரிகளின் நிறைகளைக் கூட்டும் SUMIFS கொண்டு இப்படி மாற்றினேன்:

```
=SUMIFS(Maduvam!B:B,Maduvam!A:A,A9)
```

மலை பதிவில் இல்லாவிட்டால் SUMIFS தானாகவே சைபர் தரும், பிழையை மறைக்க எதுவும் தேவையில்லை. எழுத்து 7, எண் 7 இரண்டையும் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். நிறை நிரலில் உண்மையான பிழை இருந்தால் அதை விழுங்காமல் வெளியே காட்டும். இருந்தாலும் `7A` என்பதன் பின் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் SUMIFS கூட அதைத் தவறவிட்டுச் சைபர் தரும். அதனால் அறிக்கையின் உச்சியில், எதற்குள்ளும் பொதியாத, சைபர் அல்லாவிட்டால் சிவக்கும் இரண்டு சரிபார்ப்புக் கலங்களை வைத்தேன்:

```
=SUM(Maduvam!B2:B40)-SUM(C5:C32)
=COUNTA(Maduvam!B2:B40)-COUNT(Maduvam!B2:B40)
```

முதலாவது, மடுவத்தில் நிறுத்த மொத்தத்திலிருந்து அறிக்கையின் மொத்தத்தைக் கழிக்கிறது. ஏழாம் நம்பர் மலையின் கொழுந்து விடுபட்ட முதல் நாளே இது 378 என்று காட்டியிருக்கும். ஆனால் நிறையையே தவறாக எழுதினால், உதாரணமாக 302 என்பதில் சைபருக்குப் பதில் ஆங்கில O எழுத்து விழுந்தால், SUM, SUMIFS இரண்டுமே அதைக் கணக்கில் எடுக்காது; இரு பக்கமும் சமமாகக் குறைந்து வித்தியாசம் சைபராகவே நிற்கும். அதைப் பிடிப்பதற்குத்தான் இரண்டாவது. நிரப்பப்பட்ட கலங்களின் எண்ணிக்கையிலிருந்து எண் உள்ள கலங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மிச்சம் சைபராக இருக்க வேண்டும். எட்டாம் நம்பர் கொழுந்தைப் பத்தாம் நம்பரில் எழுதிவிட்டால் இரண்டுமே அதைக் காட்டா. அதற்கு இன்றும் கங்காணியின் கொப்பிதான்.

தூள் விழுக்காட்டில் IFERROR போட்டதற்கு ஒரே காரணம், கொழுந்து எடுக்காமல் மொத்தம் சைபராகும் நாளில் வரும் `#DIV/0!`. அந்த ஒரு நிலையை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கும்படி மாற்றினேன்:

```
=IF(C33=0,"",D33/C33)
```

முன்பு போல அங்கே சைபர் நின்றால் மாதச் சராசரி கீழே இழுபடும். வெற்று எழுத்தை AVERAGE கணக்கில் சேர்க்காது.

இந்த முறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதத்தில் ஆறேழு நாட்கள் சரிபார்ப்புக் கலம் சிவந்தது, சில நாட்கள் அறிக்கை ஒன்பது மணிக்குத்தான் போனது, அதற்குத் துரையின் முகம் சுளித்ததும் உண்டு. இப்போது இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் சிவக்கிறது. சென்ற தடவை வித்தியாசம் 146 கிலோ என்று காட்டியது. மடுவத் தாளில் 12B என்பதன் பின்னால் ஓர் இடைவெளி இருந்தது. அதை அழித்தேன், கலம் சைபருக்கு வந்தது, 7.40க்கு அறிக்கை பங்களாவுக்குப் போனது.