போன் அடித்தால் நெட் போகிறதா? போனுக்கொரு ஃபில்டரா, வாசலில் ஒரே ஸ்ப்ளிட்டரா

ஃபைபர் இன்னும் வந்து சேராத தெருக்களில் பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனில்தான் பிராட்பேண்ட் ஓடுகிறது. அங்கே அடிக்கடி கேட்கிற புகார் ஒன்று உண்டு. நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், போன் மணி அடித்த உடனே மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப வரும். இதற்குக் கடைக்காரர் ஒரு வழி சொல்வார், லைன்மேன் வேறொரு வழி சொல்வார். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி மைக்ரோஃபில்டர் போடுவது ஒன்று. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஒரே ஸ்ப்ளிட்டர் வைத்து, போன்கள் எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் தள்ளுவது இன்னொன்று. எது நல்லது என்பது உங்கள் வீட்டு வயரிங்கைப் பொறுத்தது. ஆனால் இந்த இரண்டாலுமே தீராத பழுது ஒன்று இருக்கிறது. முதலில் அது இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் காசு செலவழிக்க வேண்டும்.

ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சும் நெட்டும் வருகின்றன. பேச்சு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. நெட் சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸ் வகை இணைப்பில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். போன் சும்மா இருக்கும்போது கம்பியில் ஏறக்குறைய 48 வோல்ட் டி.சி. நிற்கிறது. நம் ஊரில் மணி அடிக்கும்போது அதன் மேல் சுமார் 75 வோல்ட் ஏ.சி. ஏறுகிறது. மோடத்துக்கு வந்து சேரும் நெட் சிக்னலோ இதன் முன்னால் மிகச் சிறியது. ஃபில்டரின் வேலை, நெட்டின் அலைவரிசை போனுக்குள் போகாமலும், போனுக்குள் நடக்கிற குலுக்கல் நெட் பக்கம் வராமலும் தடுப்பது. ஃபில்டர் இல்லாத போன் ஒன்று லைனில் இருந்தால், அது மணி அடிக்கும்போதும், அதைவிட அதிகமாக ரிசீவரை எடுக்கும்போதும், நெட் சிக்னலைக் குலைத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நெட் போவது மணி அடிக்கும்போதா, ரிசீவரை எடுக்கும்போதா? இரண்டும் ஒன்றல்ல. செல்போனிலிருந்து லேண்ட்லைனுக்கு அடித்து, எடுக்காமல் விட்டுப் பாருங்கள். மணி அடித்து ஓயும்வரை நெட் போகாமல் இருந்து, எடுத்தால் மட்டும் போகிறதென்றால், ஃபில்டர் இல்லாத போன் ஒன்று எங்கோ இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். முதல் மணியிலேயே போகிறதென்றால் ஃபில்டரும் காரணமாக இருக்கலாம், கம்பி இணைப்பும் காரணமாக இருக்கலாம்.

அதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வீட்டில் உள்ள போன், ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். லைன் முதலில் வந்து சேரும் ரோசெட் பெட்டியில் மோடம் மட்டும் இருக்கட்டும். இப்போது செல்போனிலிருந்து அடியுங்கள். போன் எதுவும் இல்லாவிட்டாலும் மணிக்கான வோல்ட் லைனில் வரத்தான் செய்யும். அப்போதும் நெட் போனால், எத்தனை ஃபில்டர் வாங்கினாலும் பயனில்லை. களிம்பு ஏறிய அல்லது தளர்ந்த இணைப்பு எங்கோ இருக்கிறது. அரிதாக மோடமே பழுதாக இருக்கலாம். வேறொரு மோடம் கிடைத்தால் மாட்டிப் பார்த்துவிடலாம்.

காதாலும் கண்டுபிடிக்கலாம். ரிசீவரை எடுத்து ஒரு எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நிற்கும். அந்த நிசப்தத்தில் கேளுங்கள். ஒரே சீரான ‘ஸ்ஸ்’ சத்தம் என்றால் நெட் சிக்னல் போனுக்குள் கசிகிறது, அந்தப் போனுக்கு ஃபில்டர் இல்லை, அல்லது இருக்கிற ஃபில்டர் கெட்டுவிட்டது. விட்டு விட்டுக் கரகரவென்று வந்தால் கெட்ட இணைப்பு. மின்விசிறி போல ஒரு ரீங்காரம் என்றால், கம்பி கரண்ட் வயரோடு ஒட்டிப் போகிறதா, சுவரில் ஈரம் பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பழுது வீட்டுக்குள்தான், போன்களால்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம்.

மைக்ரோஃபில்டரின் பலம், எதையும் கழற்ற வேண்டாம், சுவரைத் தொட வேண்டாம் என்பது. வாடகை வீடு, ஒரே போன் என்றால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். ஆனால் போன்கள் கூடக்கூட இதன் பலவீனம் தெரியும். ஒவ்வொரு ஃபில்டரும் லைனில் கொஞ்சம் கெப்பாசிடன்ஸ் சுமையைச் சேர்க்கிறது. மூன்று நான்குக்கு மேல் போனால் பேச்சின் தரமும் குறையும், நெட்டும் பாதிக்கப்படும். வீட்டில் ஒரே ஒரு போனை மறந்துவிட்டாலும் பாடுபட்டதெல்லாம் வீண். மாடியில் யாரும் தொடாத அறையில் ஒரு பழைய போன் இன்னும் லைனில் தொங்குவது சாதாரணமாக நடக்கிறது.

எனக்குப் பிடித்தது ஸ்ப்ளிட்டர்தான். இரண்டு போன் இருந்தாலே அதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து வரும் கம்பி அதன் ‘Line’ துளைக்குள் போகிறது. ‘Modem’ துளையிலிருந்து ஒரு தனிக் கம்பி நேராக மோடத்துக்கு. ‘Phone’ துளையிலிருந்து வீட்டின் மற்ற எல்லா வயரிங்கும். நெட்டுக்கு இப்போது வீட்டின் பழைய வயரிங் தெரியவே தெரியாது. ஃபில்டர்களால் இதைச் செய்ய முடியாது. அவை போனை மட்டும்தான் மறைக்கும், போன் வரை போகும் கம்பி அப்படியே நெட்டின் பாதையில் தொங்கும். அப்படி முனை சும்மா விடப்பட்டுத் தொங்கும் 30 மீட்டர் கம்பி சிக்னலைத் திருப்பி அனுப்பி, 1.6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் போட்டுவிடும். ஏ.டி.எஸ்.எல்.2 பிளஸின் வேகம் அங்கேதான் அடிபடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசலில் ரோசெட், ஹாலில் ஸ்ப்ளிட்டரோடு மோடமும் போனும், மாடியில் இன்னொரு போன். பார்க்கச் சரியாக இருக்கிறது, ஆனாலும் போன் அடித்தால் நெட் போகிறது. கம்பியைத் தொடர்ந்து போனால் காரணம் தெரியும்: மாடிக்கான பேரலல் கம்பி ரோசெட்டிலிருந்தே, அதாவது ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே பிரிகிறது. ஸ்ப்ளிட்டர் கீழே உள்ள போனை மட்டும்தான் காக்கிறது. மோடத்தின் செட்டிங் பக்கத்தை, பலவற்றில் 192.168.1.1 முகவரியில், பிரவுசரில் திறந்து, இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் ‘SNR Margin’ எண்ணைப் பார்த்துக்கொண்டே மாடிப் போனைக் கழற்றுங்கள். 7 டெசிபலில் இருந்தது 11க்கு ஏறினால் குற்றவாளி அதுதான். மாடிக் கம்பியை ஸ்ப்ளிட்டரின் ‘Phone’ பக்கம் மாற்றினால் முடிந்தது. ஸ்ப்ளிட்டரையே ரோசெட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி, அங்கிருந்து மோடத்துக்கு முறுக்கு ஜோடிக் கம்பி இழுத்தால் இன்னும் நல்லது. கடையில் கிடைக்கும் தட்டையான இரட்டைக் கம்பியை நீளமாக இழுக்காதீர்கள். முறுக்கு இல்லாததால் அது ஆன்டெனா மாதிரி வெளிச் சத்தத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். எஞ்சிக் கிடக்கும் நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடி போதும்.

கம்பியில் கை வைக்கும்போது வெளிக் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தொடாதீர்கள். அந்த நேரம் யாராவது அடித்தால் 75 வோல்ட் கையைச் சுண்டும். இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. மாடிக் கம்பியையே அறுத்துவிட்டு, ஒரே பேஸ் யூனிட்டில் இரண்டு கைக்கருவி உள்ள கார்ட்லெஸ் போன் வைக்கலாம். வயரிங் மோசமாக இருக்கும் வீட்டுக்கு இதுவே சிக்கனம்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மணிக்கு நெட் போகிறதென்றால், ரோசெட்டின் திருகுகளைப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால், நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கிக் கட்டுங்கள். கரகரப்பு போகவில்லையென்றால் பழுது வெளியே, கம்பத்திலோ வீட்டு வரையான கம்பியிலோ இருக்கிறது. புகார் கொடுக்கும்போது ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் மோடம் செட்டிங்கைப் பார்த்துவிட்டுப் போய்விட வாய்ப்புண்டு. ‘பேச்சில் கரகரப்பு இருக்கிறது, எல்லாப் போனையும் கழற்றிய பிறகும் மணி அடித்தால் லிங்க் விழுகிறது’ என்று சொல்லுங்கள். லைன்மேன் வரும்போது அதே சோதனையை அவர் முன்னால் செய்து காட்டுங்கள்.