பழைய பாட்டுப் பிரியர்கள் இந்தச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா? நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

நான் நெடுநாளாகப் பாட்டுக் கேட்கும் செயலியின் ஆண்டுச் சந்தா விலையைக் குறைத்திருக்கிறார்கள். "எடுத்துடலாமா?" என்று நண்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன். ஒலித்தரம், தரவிறக்கம், காரில் இணைப்பது எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. புதுப் படப் பாட்டு மட்டும் கேட்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, தாராளமாகக் கட்டலாம். 1970-க்கு முந்தைய பாட்டுகளுக்காக வாங்க நினைப்பவர்களுக்குத்தான் மீதி.

இதில் பழைய பாட்டுகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் தேடல் பெட்டியில் பாட்டின் பெயரை அடித்தால் பாதிக்குப் பாதி வராது. "இல்லை போல" என்று விட்டுவிடுகிறோம். அதுதான் என் கோபம்.

'புதிய பறவை' (1964) படத்தில் பி. சுசீலா பாடிய "பார்த்த ஞாபகம் இல்லையோ" பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் முதல் சொல்லை Partha, Paartha, Paarththa என்று எழுதுகிறார்கள். இரண்டாவது சொல் Gnabagam, Gnabakam, Nyabagam, Nyabakam, Njabagam என்று ஐந்து வகையாவது உண்டு. மூன்றாவது Illaiyo அல்லது Illayo. பெருக்கிப் பாருங்கள், 30 வடிவங்கள். முப்பதும் தமிழர் கண்ணுக்கு ஒரே பாட்டு. ஆனால் பட்டியலில் இருப்பது அவற்றில் ஏதோ ஒன்றுதான். இசைத்தட்டு உறையிலோ கேசட் அட்டையிலோ அச்சாகியிருந்ததைப் பார்த்து யாரோ அடித்த வடிவம் அது.

எழுத்துப் பிழையைத் தேடல் பொறுத்துக்கொள்ளும்தானே என்று கேட்கலாம். பொறுக்கும், ஓர் அளவுக்கு. பரவலாகப் பயன்படும் Elasticsearch தேடுபொறியின் தானியங்கி அமைப்பில் மூன்று முதல் ஐந்து எழுத்துள்ள சொல்லில் ஒரு பிழையும், அதைவிட நீண்ட சொல்லில் இரண்டு பிழையும்தான் மன்னிக்கப்படும். Paarththa-விலிருந்து Partha-வுக்கு வர மூன்று எழுத்துகளை நீக்க வேண்டும். Gnabagam-ஐ Nyabakam ஆக்க மூன்று எழுத்துகளை மாற்ற வேண்டும். இரண்டுமே வரம்பைத் தாண்டிவிடுகின்றன. இந்தச் செயலிக்குள் எந்தப் பொறி ஓடினாலும் சரி, எழுத்தை மட்டும் எண்ணினால் இதே கதிதான். நமக்கு g, k இரண்டும் ஒரே 'க'. பொறிக்கு அது a-வுக்குப் பதில் x அடித்ததற்குச் சமமான பிழை.

சரி, தமிழிலேயே அடித்தால்? புதுப் படங்களுக்குக் கிடைக்கிறது, ஏனென்றால் வெளியிடும்போதே தமிழ்ப் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய பாட்டுகளில் பலவற்றுக்குத் தமிழ்ப் பெயரே பதிவில் இல்லை. ஆகவே நாம் அடித்த தமிழை ஆங்கில எழுத்தாக மாற்றித்தான் தேடியாக வேண்டும். இயந்திர மாற்றத்தில் 'க' எப்போதும் k, 'ப' எப்போதும் p. எழுத்துகளின் மேலும் கீழும் வரும் குறிகளை உதிர்த்தபின் ஞாபகம் napakam என்று நிற்கும். அதற்கும் பதிவிலுள்ள Gnabagam-க்கும் மறுபடி மூன்று எழுத்து வித்தியாசம். சரியான தமிழில், பிழையில்லாமல் அடித்தவருக்குத்தான் இங்கே வெறும் பக்கம் கிடைக்கிறது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இதற்குத் தீர்வு கடினமும் இல்லை. நாம் தேடும் சொல்லையும் பதிவிலுள்ள சொல்லையும் ஒரே விதிப்படி சுருக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும்: முதலில் சொல் தொடக்கத்து gn, ny, nj மூன்றும் n, பிறகு th, dh இரண்டும் t, g என்பது k, b என்பது p, zh என்பது l, ai என்பது a, இரட்டித்த எழுத்து ஒற்றை. அப்போது முப்பது வடிவமும், தமிழிலிருந்து மாற்றியதும், எல்லாமே இப்படி ஆகும்:

```
parta napakam ilayo
```

இதில் ஒரு நட்டம் உண்டு. பள்ளி, பல்லி, பலி, பழி நான்கும் pali ஆகிவிடும், வேண்டாத பாட்டுகளும் சில வந்து நிற்கும். நிற்கட்டும். நாலு பாட்டு கூடுதலாக வந்தால் கண்ணால் தள்ளிவிடலாம், வராத பாட்டை என்ன செய்ய?

எழுத்து ஒரு பக்கம் இருக்க, எந்த வரியை அடிக்கிறோம் என்பதும் பழைய பாட்டில் ஒரு சிக்கல். 'பாத காணிக்கை' (1962) படத்தில் டி.எம். சௌந்தரராஜன் "ஆடிய ஆட்டமென்ன" என்றுதான் தொடங்குவார். அது தொகையறா, பல்லவிக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் வரிகள். பாட்டின் பெயராகப் பதிவாகியிருப்பதோ பல்லவியான "வீடு வரை உறவு". காதில் முதலில் விழுந்ததை அடிப்பவருக்குப் பாட்டு கிடைக்காது. பாடல் வரிகளையும் சேர்த்துத் தேடும் வசதி இந்தச் செயலியில் இருக்கிறது, புதுப் பாட்டுகளில் அருமையாக வேலை செய்கிறது. பழையவற்றில் பெரும்பாலும் வரிகளே ஏற்றப்படவில்லை.

இப்போதைக்கு எனக்குப் பலன் தரும் வழியைச் சொல்கிறேன். பாட்டின் பெயரை முழுதாக அடிக்காதீர்கள். சேர்த்த ஒவ்வொரு சொல்லும் தவறுவதற்கு இன்னொரு வாய்ப்பு. எல்லோரும் ஒரே மாதிரி எழுதக்கூடிய ஒரு சொல்லைப் பொறுக்குங்கள். ம, ய, ர, வ வரும் சொற்கள் நல்லவை. ஞ, ழ, த்த, ற்ற வரும் சொற்கள் ஆகாது. அதோடு பாடியவர் பெயரில் ஒரு பகுதி. மேலே சொன்ன பாட்டுக்கு illaiyo susheela போதும். அதுவும் வராவிட்டால் படத்துக்குப் போங்கள். 'புதிய' என்பதில் Puthiya, Pudhiya தகராறு இருப்பதால் paravai என்று மட்டும் அடித்து, ஆல்பம் பிரிவில் பாருங்கள். படம் கிடைத்துவிட்டால் அதன் எல்லாப் பாட்டும் கையில்.

பாடகர் பெயரிலும் கவனம் வேண்டும். சீர்காழி கோவிந்தராஜனின் ஊர்ப் பெயரை Sirkazhi, Seerkazhi, Sirkali என்று பலவாறு எழுதியிருப்பார்கள், Govindarajan என்பதை மட்டும் அடிப்பது நல்லது. ஆண்டை வைத்து வடிகட்டவே வேண்டாம். 'இனிய கீதங்கள்' வகைத் தொகுப்பில் இருக்கும் பாட்டுக்குப் படம் வந்த ஆண்டு இருக்காது, தொகுப்பு வந்த ஆண்டுதான் இருக்கும். தொகையறாதான் நினைவில் இருக்கிறது என்றால், முதலில் கூகுளில் தமிழில் அடித்துப் பல்லவியையும் படத்தையும் தெரிந்துகொண்டு பிறகு செயலிக்கு வாருங்கள். தேடிக் கிடைத்ததும் பாட்டை உடனே பட்டியலில் சேர்த்துவிடுங்கள், அடுத்த முறை அதே எழுத்து நினைவுக்கு வராது.

இவ்வளவு சுற்றி வந்து எடுத்தால், சுசீலாவின் குரல் இரைச்சலில்லாமல், ஒவ்வொரு சங்கதியும் தெளிவாகக் கேட்கிறது. யூடியூபில் யாரோ ஏற்றிய தேய்ந்த பிரதிகளோடு ஒப்பிடவே முடியாது. அப்படியும் என் பதில்: விலை குறைந்ததற்காக ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். ஒரு மாதம் மட்டும் எடுங்கள், உங்களுக்கு வேண்டிய பழைய பாட்டில் இருபதைத் தமிழில் அடித்துப் பாருங்கள். பத்துப் பாட்டாவது வந்தால் கட்டுங்கள். என் சந்தா இந்த மாதம் முடிகிறது, நான் புதுப்பிக்கத்தான் போகிறேன்.