சென்ட்டுக்கு அடியில் ஜெல்லி: நிற்கிறது, அதுதான் பிரச்சினை

நான் போடும் சென்ட் விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று யோசிக்கும் தோழி கேட்டாள்: "உனக்கு எவ்ளோ நேரம்டி நிக்குது? அடியில பெட்ரோலியம் ஜெல்லி தடவிட்டு அடிச்சா சாயங்காலம் வரைக்கும் இருக்கும்ங்கறாங்களே, நெஜமா?" நிஜம்தான். இரண்டு வருடமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 'நிற்கிறது' என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல மனசு வரவில்லை.

என் தோல், நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும் ரகம். போதாக்குறைக்கு நாள் முழுக்க ஏசி. சென்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹால்தான். அடித்த சில நொடிகளில் அது பறந்துவிடும். மிஞ்சும் வாசனை எண்ணெய்கள் தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்துதான் மெதுவாக வெளிவர வேண்டும். பசையே இல்லாத தோலில் அவற்றுக்குப் பிடிமானம் கிடையாது. ஜெல்லி அந்தப் பசையின் இடத்தை நிரப்புகிறது. வாசனை எண்ணெய் அதில் கரைந்து தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆவியாகும்.

அளவு முக்கியம். இரண்டு மணிக்கட்டுக்கும் சேர்த்து ஓர் அரிசி மணி அளவு போதும். நன்றாகத் தேய்த்துப் பரப்பிவிட்டு, ஒரு டிஷ்யூவை வைத்து அழுத்திப் பார்ப்பேன். எண்ணெய்த் திட்டு விழுந்தால் அதிகம் என்று அர்த்தம், துடைத்துவிட வேண்டியதுதான். துடைக்காமல் அடித்தால் சென்ட் படியாது, முத்து முத்தாக உருண்டு முழங்கை வரை ஓடும். கழுத்தில் நான் தடவுவதே இல்லை. ரவிக்கை ஓரத்தில் ஒட்டி, அதில் தூசி பிடித்து, துவைத்தாலும் போகாத ஒரு பழுப்பு வளையம் வரும்.

இனி என் புகாருக்கு வருகிறேன். இந்த சென்ட்டை நான் வாங்கியதே அதன் முதல் பத்து நிமிடத்துக்காக. எலுமிச்சைத் தோலை மடக்கிப் பிழிந்தால் முகத்தில் தெறிக்குமே, அப்படி ஓர் ஆரம்பம். அதற்கு அடியில் வெட்டிவேரும் மஸ்க்கும் இருக்கின்றன. ஒரு நாள் இடது கை வெறுமனே, வலது கை ஜெல்லியோடு என்று அடித்துப் பார்த்தேன். இடது கையில் எலுமிச்சை சுள்ளென்று எழுந்தது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அது போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மொத்தமும் காலி. வலது கையில் எலுமிச்சை எழவே இல்லை. ஏதோ மூடிபோட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாக வந்தது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் கையைத் தூக்கினால் வெட்டிவேர் அப்படியே இருந்தது.

யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வாசனை என்பதே ஆவியாகி மூக்குக்கு வருவதுதான். ஆவியாவதை மெதுவாக்கினால் நேரம் நீளும், வீச்சு குறையும். சட்டென்று பறப்பதையே அழகாகக் கொண்ட எலுமிச்சைக்கு இது பெரிய இழப்பு. அது மட்டுமா, பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டால், "இன்னைக்கு சென்ட் போடலையா?" என்கிறாள். மூக்கைக் கையில் வைத்து மோந்தால்தான் தெரியும் என்றால் அது யாருக்கு?

வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் இதைவிடச் சமாதானமான வழி. குளித்துவிட்டு ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தடவி, பிசுபிசுப்பு அடங்கும் வரை பொறுத்து, பிறகு அடிக்க வேண்டும். எலுமிச்சை ஓரளவு எழுகிறது. வெட்டிவேர் மூன்று நான்கு மணி வரை தாங்குகிறது. வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். வாசனையில்லாதது என்று போட்டிருந்தாலும், மூலப்பொருளின் நெடியை மறைக்கக் கொஞ்சம் வாசனை சேர்ப்பதுண்டு. பின்பக்கப் பட்டியலில் 'ஃப்ராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள்.

நியாயமாகச் சொன்னால், வனிலா, சந்தனம், அகில் மாதிரி கனமான வாசனைகளுக்கு ஜெல்லி நன்றாகவே பொருந்துகிறது. கல்யாண வீட்டுக்குப் போடும் சந்தன சென்ட்டுக்கு நானே தடவுவேன்; அதற்கு ஆரம்பத் துள்ளல் என்று ஒன்றுமில்லை, இழக்கவும் ஒன்றுமில்லை. ஒரு சின்ன டப்பா மாதக்கணக்கில் வருகிறது, வறண்ட தோலுக்கும் நல்லது. குறை சொல்ல இடமே இல்லை.

ஆனாலும் தோழிக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: "இந்த சென்ட்டுக்கு வேண்டாம்டி. லோஷன் தடவிட்டு அடி. பத்து மில்லி குப்பில கொஞ்சம் ஊத்தி ஹேண்ட்பேக்ல வச்சுக்கோ, மதியம் சாப்ட்டுட்டு இன்னொரு தடவை அடிச்சுக்கோ. சீக்கிரம் தீர்ந்துடும்தான். அதான் விலை குறைஞ்சிருக்கே, ரெண்டா வாங்கு."