யூனிட் கணக்கா, மதிப்பெண் படிவமா, உட்கார்ந்து பேசுவதா: ரத்ததானக் குழுவில் தன்னார்வலரை எப்படி மதிப்பிடுவது?

ஊருக்கு ஊர் இருக்கும் ரத்ததான ஒருங்கிணைப்புக் குழுக்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. மாதத்துக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கவும் முடியாது. யாருக்கு எப்போது அடிபடும், எந்த வகை ரத்தம் கேட்பார்கள் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. ஆனாலும் மதிப்பிட வேண்டிய நேரம் வரத்தான் செய்கிறது. இரவு நேரப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது, புதிதாக வருபவர்களை யாருடன் சேர்த்துவிடுவது, கொடையாளர் பட்டியலை யார் கையில் வைப்பது என்ற கேள்விகளுக்கு "நல்ல பையன்" என்பது பதில் ஆகாது. நடைமுறையில் குழுக்கள் செய்து பார்ப்பது பெரும்பாலும் மூன்று வழிகள். எனக்கு இவற்றில் ஒன்றின் மேல் சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

யூனிட் கணக்கு

எல்லாரும் முதலில் தொடுவது இதைத்தான். யார் எத்தனை யூனிட் ஏற்பாடு செய்தார் என்று மாதக் கடைசியில் ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும், மேலே இருப்பவருக்குக் கைதட்டல் படங்கள் குவியும். எளிது, செலவில்லை, யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் தோன்றும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கல்லூரி மாணவர். விடுதியில் நண்பர்கள் நிறைய, பக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நவம்பரில் அவர் பெயரில் 21 யூனிட். பெரும்பாலும் ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ். இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரில் 4 யூனிட். அதில் இரண்டு ஏ நெகட்டிவ். மற்ற இரண்டும் ஒரு தலசீமியா குழந்தைக்கு; அந்தக் குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். நம் நாட்டில் நெகட்டிவ் வகைக்காரர்கள் மொத்தமே நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். அதிலும் ஏ நெகட்டிவ் இன்னும் குறைவு. அப்படி ஒரு யூனிட்டுக்காக அவர் முப்பது பேரைக் கூப்பிட்டிருப்பார். பட்டியலில் அவர் கடைசி.

இது நியாயமில்லை என்பது எல்லாருக்கும் உடனே தெரியும். "நெகட்டிவுக்கு மூன்று மடங்கு புள்ளி" என்று யாராவது திருத்தம் சொல்வார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. பட்டியல் போடத் தொடங்கியதும் வேலை செய்யும் விதமே மாறிவிடுகிறது, சிக்கல் அங்கேதான். ஒரே கோரிக்கைக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஆள் அனுப்புவார்கள். முதலில் போனவர் கொடுத்துவிடுவார், இரண்டாவது ஆளை "ரத்தம் கிடைச்சிருச்சு, போயிட்டு வாங்க" என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். அரை நாள் விடுப்பு போட்டு வந்த அந்த மனிதர் அடுத்த முறை போனையே எடுக்க மாட்டார். இந்த நஷ்டம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருந்த பிறகுதான் மறுபடி கொடுக்கலாம். எண்ணிக்கைப் போட்டி சூடு பிடித்தால், "எண்பது நாள் ஆச்சுல்ல தம்பி, பத்து நாள்ல என்ன வந்துரப் போகுது, அங்க கேட்டா மூணு மாசம் ஆச்சுன்னு சொல்லிருங்க" என்ற பேச்சு வந்துவிடும். ரத்த வங்கியில் ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவிடுவார்கள்தான். ஆனால் கொடையாளர் பொய் சொல்லப் பழகிவிட்டால், நாளைக்கு மஞ்சள் காமாலை வந்ததையும், போன மாதம் பச்சை குத்தியதையும் அதே போல மறைப்பார். குழுவின் பெயரில் இதைப் பழக்கிவிட்டது அந்த மாதப் பட்டியலில் முதலிடம் வந்தவர்.

அதனால் எண்ணிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடையாளர் கடைசியாகக் கொடுத்த தேதியும் கோரிக்கை முடிந்த தேதியும் பதிவில் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பதிவைப் பொதுவில் போட்டு வரிசைப்படுத்த வேண்டாம் என்கிறேன். மாதா மாதம் எட்டு பத்து யூனிட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கணக்கு திடீரென்று பூஜ்யமானால், அது அவரைக் கூப்பிட்டு "என்ன ஆச்சு, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பதற்கான காரணம். அவ்வளவுக்குத்தான் அது உதவும்.

மதிப்பெண் படிவம்

கம்பெனியில் வேலை பார்க்கும் யாராவது குழுவில் இருந்தால் இந்த யோசனை கட்டாயம் வரும். பொறுப்புணர்வு, பேச்சு முறை, ஒத்துழைப்பு என்று தலைப்பு போட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். சக தன்னார்வலர்கள் ஒருவருக்கொருவர் போட வேண்டும்.

இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் நோயாளியின் அண்ணனிடம் எப்படிப் பேசினார் என்பது சக தன்னார்வலர் யாருக்கும் தெரியாது; அவர்கள் பார்ப்பது குழுவில் அவர் போடும் செய்திகளை மட்டும். ஆகவே கலகலப்பாகப் பேசுபவருக்கு ஐந்து, அமைதியாக வேலையை முடிப்பவருக்கு மூன்று. அந்த மூன்றைப் பார்த்தவர் எதை மாற்றிக்கொள்வார்? சம்பளம் வாங்குபவர் குறைந்த மதிப்பெண்ணைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. சத்தமில்லாமல் குழுவிலிருந்து விலகிவிடுவார்.

படிவத்தை நோயாளியின் குடும்பத்துக்கு அனுப்பலாமே என்பார்கள். ரத்தம் கிடைத்தவர்கள் தெய்வமே என்று எழுதுவார்கள், கிடைக்காதவர்கள் பதிலே போட மாட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எங்க ஆள் யாராவது உங்ககிட்ட பணம் கேட்டாங்களா, வண்டிச் செலவுக்குன்னாவது?" அது மதிப்பீடு அல்ல, காவல். ரத்தத்தைக் காசுக்குக் கொடுக்கும் தொழிலுக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரியிலிருந்தே தடை. குழுவின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டவரை ஆண்டு மதிப்பீடு வரை வைத்திருக்கக் கூடாது. விசாரித்து உறுதியானதும் அன்றைக்கே கொடையாளர் பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கிவிட வேண்டும்.

மூன்று கோரிக்கைகளை வைத்துப் பேசுவது

என் ஓட்டு இதற்கு. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு தன்னார்வலரோடும் இரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முன்னால் இருக்க வேண்டியது அவர் கையாண்ட மூன்று கோரிக்கைகள். ஒன்று, நன்றாகச் செய்தேன் என்று அவரே தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, கைகூடாமல் போனது. மூன்றாவது, பதிவேட்டிலிருந்து நாம் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. போனில் இருக்கும் அழைப்பு நேரங்களையும் குழுச் செய்திகளையும் பார்த்துக்கொண்டே, நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்ல வேண்டும்.

கைகூடாத ஒன்று எப்படிப் போகும் என்று பார்க்கலாம். டெங்கு காலம். இரவு 9.40-க்கு "பிளேட்லெட் அவசரம், ஏ பாசிட்டிவ்" என்று செய்தி. 9.55-க்கு நம்மவர் நோயாளியோடு இருப்பவரைக் கூப்பிட்டிருக்கிறார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஒரே கொடையாளரிடம் இயந்திரம் மூலம் பிளேட்லெட் மட்டும் பிரித்து எடுக்கும் முறையை அதில் எழுதியிருந்தார்கள். மருத்துவமனை, வார்டு, எப்போதுக்குள் வேண்டும் என்பதெல்லாம் கேட்டாயிற்று. 10.30-க்கு ஒரு கொடையாளர் சம்மதித்து, 11.15-க்கு ரத்த வங்கிக்குப் போயும் சேர்ந்துவிட்டார். அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முந்தின நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தாராம். ஆஸ்பிரின் எடுத்து மூன்று நாள் ஆகாமல் பிளேட்லெட் எடுக்க மாட்டார்கள். வேறு ஆள் தேடிக் கிடைப்பதற்குள் விடிந்துவிட்டது.

யூனிட் கணக்கில் இது ஒரு பூஜ்யம். உட்கார்ந்து பார்த்தால் வேறு படம். கால் மணி நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டார், சீட்டைச் சரிபார்த்தார், கொடையாளர் கடைசியாகக் கொடுத்த தேதியையும் பார்த்தார். தவறியது ஒரே கேள்வி: "கடந்த மூன்று நாளில் ஏதாவது மாத்திரை போட்டீர்களா?" குழு கொடுத்திருந்த கேள்விப் பட்டியலைத் திறந்தால் அந்தக் கேள்வி அதிலும் இல்லை. முழு ரத்தத்துக்காக எழுதிய பட்டியலையே பிளேட்லெட்டுக்கும் எல்லாரும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆக, ஒருவரை மதிப்பிட உட்கார்ந்ததில் திருத்த வேண்டியதாக வெளிவந்தது குழுவின் காகிதம்.

கண்ணை மூடி எடுக்கும் மூன்றாவது கோரிக்கையில் நான் முதலில் பார்ப்பது, வேலை முடிந்ததும் "கிடைத்துவிட்டது, இனி யாரையும் கூப்பிட வேண்டாம்" என்று போட்டாரா என்பதைத்தான். முடித்து வைக்காத கோரிக்கை வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றும், அந்த நோயாளியின் குடும்பத்துக்கு டிஸ்சார்ஜ் ஆன பிறகும் போன் வந்துகொண்டே இருக்கும். அப்புறம், தூங்கப் போகும்போது கையிலிருந்த கோரிக்கையை இன்னொருவரிடம் ஒப்படைத்தாரா? கொடுத்துவிட்டு வந்தவருக்கு மறுநாள் ஒரு போன் போட்டாரா? 21 யூனிட் மாணவர் இதில் தடுமாறலாம், 4 யூனிட் பெரியவர் அசத்தலாம். நேர்மாறாகவும் இருக்கலாம். நெகட்டிவ் கொடையாளர்களின் எண்களைத் தன் போனிலேயே வைத்துக்கொண்டு, குழுப் பட்டியலில் ஏற்றாமல் விட்டிருப்பவர் அந்தப் பெரியவராகக்கூட இருக்கலாம். அவர் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் அது தெரியவரும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. நேரம் பிடிக்கும். பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவில் தாங்கும். அறுபது பேர் என்றால் முடியாது, அங்கே இரவுப் பொறுப்பும் பட்டியல் பொறுப்பும் இருப்பவர்களோடு மட்டும் உட்காரலாம். மதிப்பிடுபவர் நண்பராக இருந்தால் எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிடுவார், அதனால்தான் இரண்டு பேர் என்றேன். அதில் ஒருவராவது அவரைக் குழுவுக்குள் கொண்டுவந்தவராக இருக்கக் கூடாது. வயதில் மூத்தவரிடம் இருபத்தைந்து வயதுக்காரர் கேள்வி கேட்பதும் நம் ஊரில் அவ்வளவு சுலபமில்லை. "ஐயா, அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, எங்களுக்கும் தெரியணும்" என்று தொடங்கினால் பேச்சு ஓடும். "ஏன் இதைச் செய்யவில்லை?" என்று தொடங்கினால் அவர் எழுந்து போய்விடுவார்.

பேசி முடித்ததும் மூன்றே வரி எழுதினால் போதும்: எந்தப் பொறுப்பில் தொடர்கிறார், எதை மாற்றிச் செய்யப் போகிறார், குழு அவருக்கு என்ன செய்து கொடுக்க வேண்டும். எழுதியதை அவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகே வைக்க வேண்டும். நோயாளியின் பெயரும் நோயும் அந்தத் தாளில் வரவே கூடாது. அடுத்த முறை உட்காரும்போது முதலில் எடுக்க வேண்டியது மூன்றாவது வரியை. ஆறு மாதம் கழித்தும் அது அப்படியே கிடந்தால், அவரைக் கேள்வி கேட்க நமக்கு வாய் இருக்காது.